ஸ்பிரிங் என்று நம்பி வாங்கலாமா?

கேள்வி: நான் வீக்லி, டெய்லி சார்ட் மட்டும் பார்த்து கிரிப்டோ வாங்குபவன். ரேஞ்சின் அடியை உடைத்து மறுபடி மேலே வந்தால் ஸ்பிரிங் என்று வாங்குகிறேன். சில தடவை நன்றாக ஏறுகிறது. சில தடவை கொஞ்சம் ஏறிவிட்டு, அதே லோவையும் உடைத்துக்கொண்டு போகிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முன்கூட்டியே பிரித்தறிய வழி உண்டா? ரேஞ்சின் உச்சியை உடைத்துவிட்டுக் கீழே திரும்பும் அப்த்ரஸ்ட்டுக்கும் அதே வழி பொருந்துமா?

பதில்: உடைத்துத் திரும்பும் அந்தக் கேண்டிலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. கீழே கிடந்த ஸ்டாப்புகளை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த ரேஞ்சில் நடப்பது சேகரிப்பா விநியோகமா என்பது அதற்குப் பிறகு வரும் ஏற்றத்திலும், அந்த ஏற்றத்தை அடுத்து வரும் இறக்கத்திலும்தான் தெரியும். பிட்காயின் சார்ட்டைத் திறந்து 2018ஐயும் 2021ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2018 பிப்ரவரி தொடக்கத்தில் பிட்காயின் சுமார் 6,000 டாலருக்கு விழுந்து, அங்கிருந்து 11,700 வரை எழுந்தது. ரேஞ்சின் அடியும் உச்சியும் அப்போதே வரையப்பட்டுவிட்டன. நடுக்கோடு 8,850 வாக்கில். ஜூன் 24ஆம் தேதி 6,000 உடைந்து 5,750 அருகே போய்த் திரும்பியது. பாடப்புத்தகத்தில் வரைவது போன்ற ஸ்பிரிங். ஒரு மாதத்தில் 8,500 வரை ஏறவும் செய்தது. வாங்கியவர்களுக்கு லாபம் கண்ணில் தெரிந்த நேரம் அது. ஆனால் அந்த ஏற்றம் நடுக்கோட்டைக்கூடத் தொடவில்லை. ரேஞ்சின் உச்சிகளை வரிசையாகப் படியுங்கள்: 11,700, மே மாதத்தில் 9,900 சொச்சம், ஜூலையில் 8,500, செப்டம்பரில் 7,400. ஒவ்வொரு முறையும் விற்பவர்கள் முன்பைவிடக் குறைந்த விலைக்கே இறங்கி வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் நடுவில் விலை மறுபடி 6,000க்கே திரும்பியபோது, ஜூன் ஸ்பிரிங் தந்த ஏற்றம் முழுக்கக் கரைந்திருந்தது. நவம்பர் நடுவில் 6,000 உடைந்தது. ஒரே மாதத்தில் விலை 3,200 டாலர் பக்கம். அந்த ரேஞ்ச் சேகரிப்பு அல்ல, இறங்கும் வழியில் நடந்த மறுவிநியோகம்.

இப்போது 2021. மே 19 சரிவு 30,000இல் நின்றது; அதை அடுத்த நாட்களில் 42,000 வரை எழுந்தது. நடுக்கோடு 36,000. ஜூன் 22ஆம் தேதி 28,800 வரை உடைத்துவிட்டு அன்றே 32,500 அருகே முடிந்தது. அழகான திருப்பம்தான். ஆனால் அடுத்த ஏற்றம் 36,600ஐத் தொட்டுவிட்டு அடங்கியது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் 2018க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஜூன் 22ஐ நம்பி முழு அளவில் வாங்க அப்போது காரணம் இருக்கவில்லை.

வித்தியாசம் ஜூலையில் வந்தது. ஜூலை 20ஆம் தேதி டெய்லி கேண்டில் 30,000க்குக் கீழேயே முடிந்தது. “உடைத்த கேண்டிலே மேலே மூட வேண்டும்” என்று விதி வைத்திருந்தவர்கள் அன்று பயந்து விற்றிருப்பார்கள். ஆனால் கவனிக்க வேண்டியவை வேறு. விலை 29,300 வாக்கில் நின்றுவிட்டது. ஜூன் மாத லோ உடையவில்லை. வால்யூமும் ஜூன் 22ஐவிடத் தெளிவாகக் குறைவு, ஜூன் 22இன் வால்யூமோ மே 19ஐவிடக் குறைவு. அதே விலைக்கு மூன்றாம் முறை வரும்போது விற்க ஆள் குறைந்திருக்கிறார்கள். மறுநாளே விலை 32,000க்கு மேல் மூடியது. வீக்லியில் பார்த்தால் அந்த முழு வாரமும் ஒரு நீண்ட அடி வால் கொண்ட பச்சைக் கேண்டில்தான்.

ஜூலை 26ஆம் தேதி விலை 40,000ஐத் தொட்டது. நடுக்கோடும் 36,600 உச்சியும் ஒன்றாகத் தாண்டப்பட்டன. அதன் பின் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்த இறக்கம் 37,500 பக்கமே நின்று, நடுக்கோட்டுக்குக் கீழே போகவில்லை. 2018 ஆகஸ்டில் நடந்ததற்கு நேர் எதிர். எனக்கு ஒரே ஒரு அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த இறக்கத்தைத்தான் சொல்வேன். ஏற்றத்தை ஷார்ட் போட்டவர்கள் அவசரமாக மூடியும் உண்டாக்கிவிடலாம். ஆனால் இறங்கும்போது பாதியில் தாங்குவதற்கு உண்மையாகவே வாங்குபவர்கள் வேண்டும்.

இப்படி உறுதியாகும்வரை காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஜூலை 21 அன்று 32,000இல் வாங்கியவர் 28,800க்குக் கீழே ஸ்டாப் வைத்தால், அவர் பணயம் வைப்பது சுமார் 10 சதவீதம். 38,000இல் உறுதியான பிறகு வாங்கியவர் அதே ஸ்டாப்பை வைத்தால் 24 சதவீதம் ஆகிவிடும். அதனால் பிந்தி வாங்குபவர் ஸ்டாப்பை நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவர வேண்டும். அங்கே உடைந்தால் அவர் வாங்கிய காரணமே போய்விட்டது என்று பொருள். என்னைக் கேட்டால், லோவைத் திரும்பச் சோதிக்கும்போது வால்யூம் சுருங்கினால் மூன்றில் ஒரு பங்கு, மீதி நடுக்கோட்டுக்கு மேல் இறக்கம் தாங்கிய பிறகு.

அப்த்ரஸ்ட்டுக்கும் அடிப்படை அதேதான், ஆனால் வேகம் வேறு. அடியில் ஸ்டாப்புகள் ஒரே மூச்சில் காலியாகின்றன. உச்சியில் விற்பவர்களோ உற்சாகத்தைக் கலைக்காமல் மெல்ல விற்கிறார்கள். 2021 ஏப்ரல் உச்சி 64,800. நவம்பர் 10ஆம் தேதி விலை 69,000 போய் அன்றே 65,000க்குத் திரும்பியது. அந்த வாரம் முடிந்தது ஏப்ரல் உச்சிக்குச் சற்று மேலேதான்; “வீக்லி க்ளோஸ் மேலே, உடைப்பு உறுதி” என்று பலரும் படித்திருக்கக்கூடிய க்ளோஸ் அது. அடுத்த வாரமே 58,000 பக்கம் இருந்த அக்டோபர் கடைசி லோ உடைந்தது. மாத இறுதியில் விலை 59,000ஐத் தாண்டிப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் திரும்பியது. கையிருப்பைக் குறைக்க உகந்த இடம் அந்தத் தோல்வியுற்ற ஏற்றம்தான். 69,000த்து வால் அல்ல. டிசம்பர் 4ஆம் தேதி விலை 42,000 வரை விழுந்தது.

சார்ட்டைப் பற்றி இரண்டு விஷயம். வால்களின் நீளமும் வால்யூமும் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் மாறும். எனவே லோவையும் வால்யூமையும் ஒரே பெரிய ஸ்பாட் சந்தையிலிருந்து எடுங்கள். பெர்பெச்சுவல் சந்தையின் வால்யூமில் லிக்விடேஷனும் கலந்திருப்பதால், வாங்கும் ஆர்வம் எவ்வளவு என்று அதை வைத்து அளக்க முடியாது. பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் டெய்லி, வீக்லி கேண்டில்கள் UTC 00:00க்கு மூடுகின்றன. உங்கள் சார்ட்டில் கேண்டில்கள் உள்ளூர் நேரப்படி மூடினால் க்ளோஸைப் பற்றிய வாதமே தவறாகிவிடும்.

சிறிய காயின்களில் இந்த முறையை நான் நம்புவதில்லை. சேகரிப்பு என்பதே சுற்றில் இருக்கும் சரக்கு வலுவான கைகளுக்குப் போவதுதான். பூட்டி வைத்த டோக்கன்கள் மாதாமாதம் விடுவிக்கப்படும் காயினில் விற்பவர்கள் தீர்வதே இல்லை. அங்கே வால்யூம் சுருங்கியது என்று வாங்குவதற்கு முன், அடுத்த விடுவிப்புத் தேதியையும் அளவையும் பார்த்துவிடுங்கள்.