வாந்தி நின்ற பிறகான நான்கு மணி நேரம்

கேள்வி: எங்கள் ஊர் வேலந்தாவளம். என் மகனுக்கு இரண்டே கால் வயது, எடை 11 கிலோ. போன வாரம் இரவு முழுக்க வாந்தி, விடிந்ததும் பேதி. டாக்டர் ஒண்டான்செட்ரான் சிரப் எழுதித் தந்தார். ஒரு தடவை கொடுத்ததும் வாந்தி நின்றுவிட்டது. ஆனால் பேதி நிற்கவில்லை. வாந்தியை நிறுத்தினால் விஷம் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார் மாமியார். அது இதயத்தைக் கெடுக்கும் மருந்து என்கிறார் நாத்தனார். பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த முறை வாந்தி வந்தால் நானே கொடுக்கலாமா? நாத்தனாரின் ஐந்து மாதக் குழந்தைக்கும் கொடுக்கலாமா?

பதில்: மாமியாரின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டதும் வரும் முதல் வாந்தியைப் பொறுத்தவரை அவர் சொல்வது ஓரளவு சரிதான். ஆனால் உங்கள் மகனுக்கு வந்ததைப் போன்ற வைரஸ் தொற்றில், வயிற்றிலிருந்து வெளியேற்றுவதற்கு விஷம் ஏதும் இல்லை. வைரஸ் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும்போது, அங்குள்ள செல்கள் செரோட்டோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தூண்ட, மூளை வாந்தி எடுக்கச் சொல்கிறது. வயிறு காலியான பிறகும் குழந்தை மஞ்சள் நீராகக் குமட்டுவது இதனால்தான். செரோட்டோனின் போய் ஒட்டும் இடத்தை ஒண்டான்செட்ரான் அடைத்துவிடுகிறது. நோய்க்கு எதிராக அதற்கு மேல் அது எதுவும் செய்வதில்லை. வைரஸைக் கொல்லாது, பேதியை நிறுத்தாது. சில குழந்தைகளுக்கு இந்த மருந்தால் பேதி ஓரிரு முறை கூடுவதும் உண்டு. அதனால் உங்கள் மகனுக்குப் பேதி தொடர்ந்ததில் வியப்பில்லை.

பிறகு எதற்கு இந்த மருந்து? வாயால் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசல் வயிற்றில் தங்குவதற்காக. 2006-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், நீரிழப்போடு வந்த 215 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முறை ஒண்டான்செட்ரான் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே அதன் பிறகு வாந்தி எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தவர்களில் 35 பேர். டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவந்ததும் 31-லிருந்து 14 ஆகக் குறைந்தது. ஆனால் நீரிழப்பே இல்லாத குழந்தைகளிடம் பாகிஸ்தானில் செய்த ஆய்வில், டிரிப்ஸ் தேவைப்படுவது இந்த மருந்தால் குறையவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு ஓடி விளையாடும் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து ஒரு தாய் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலையில் இதே சிரப் கொடுத்திருக்கிறார், வாந்தி நின்றுவிட்டது. குழந்தை அசந்து தூங்கியது. களைப்பாக இருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்று ஐந்து மணி நேரம் விட்டுவிட்டார். தூக்கத்திலும் பேதி போய்க்கொண்டிருந்தது. என் மேஜைக்கு வந்தபோது கண்கள் குழிவிழுந்திருந்தன, அழுதால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. அது தந்த நேரத்தில்தான் எதுவும் உள்ளே போகவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிரப்பைக் கையில் கொடுத்தவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லவே இல்லை.

உங்கள் மகனை வைத்தே அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 8 முதல் 15 கிலோ வரையுள்ள குழந்தைக்கு ஒரு வேளை அளவு 2 மில்லிகிராம். 5 மில்லியில் 2 மில்லிகிராம் என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தால், அது 5 மில்லி சிரப். அளவு மூடியில் ஊற்றுவதைவிட ஊசியில்லாத சிரிஞ்சில் எடுப்பது நல்லது. கொடுத்து 15 நிமிடத்துக்குள் வாந்தியோடு வெளியே வந்துவிட்டால், அதே அளவை இன்னும் ஒரே ஒரு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகு வந்தால் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

கால் மணி நேரம் கழித்து ஓஆர்எஸ்ஸைத் தொடங்குங்கள். லேசான நீரிழப்புள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். உங்கள் மகனுக்கு அது 825 மில்லி, அதாவது மணிக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். தாகத்தில் பிள்ளை டம்ளரைப் பிடுங்கும், கொடுக்காதீர்கள். மடமடவென்று குடித்தால் மருந்து கொடுத்திருந்தாலும் வாந்தி வரும். முதல் அரை மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு ஸ்பூன், 5 மில்லி. தங்கினால் 10 மில்லியாகக் கூட்டுங்கள். நடுவில் வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, பழையபடி ஒரு ஸ்பூனிலிருந்து தொடங்குங்கள். தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் இது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையானால் அதையும் தொடருங்கள்.

பொட்டலத்தில் எந்த அளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ, அதில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கரைப்பது ஆபத்து. நம் பக்கம் இளநீரை நம்புகிறவர்கள் அதிகம். அதில் உப்புச்சத்து குறைவு, ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. அட்டைப்பெட்டியில் வரும் பழரசங்களில் சர்க்கரை அதிகம், அது பேதியை இன்னும் கூட்டும்.

நாத்தனார் சொன்ன இதய விஷயத்தை நான் ஒதுக்கமாட்டேன். இந்த மருந்து இதயத்தின் மின்னோட்டத்தில் ஒரு இடைவெளியைச் சற்று நீட்டக்கூடியது. பெரியவர்களுக்கு நரம்பு வழியாக ஒரே முறையில் 32 மில்லிகிராம் ஏற்றும் வழக்கத்தை 2012-ல் கைவிட்டதற்கு அதுவே காரணம். வாய்வழியாக ஒரே முறை 2 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட, வேறு கோளாறில்லாத குழந்தைக்கு அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனால் பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், அல்லது ஓடும்போது மயங்கி விழும் பிள்ளை இருந்தால், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பல நாள் பேதியில் பொட்டாசியம் குறைந்த குழந்தை, மெலிந்த குழந்தை இவர்களுக்கும் கவனம் வேண்டும். இன்னொன்று என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது: பேதிக்கென்று அசித்ரோமைசினையும் இதோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதுவும் அதே இடைவெளியை நீட்டும் மருந்து. வைரஸ் பேதிக்கு அதனால் பயனும் இல்லை.

பாதிப் பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் பார்க்காமல் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். எல்லா வாந்தியும் குடல் தொற்றால் வருவதில்லை, மருந்து அதை மறைத்துவிடும் என்பதுதான் என் பயம். பச்சை நிறத்தில் வாந்தி, அதில் இரத்தம், விறைத்த வயிறு, தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி, பேதியே இல்லாமல் தலைவலியோடு வரும் வாந்தி, இவை எதற்கும் சிரப்பைத் தொடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உடல் வாடியிருந்தும் சிறுநீர் நிறையப் போனால் சர்க்கரை அளவைப் பார்த்தே ஆக வேண்டும். குழந்தை துவண்டு, குடிக்கவே முடியாமல் இருந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ ஸ்பூனோடு உட்கார்ந்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்கு இந்தச் சிரப்பைக் கொடுக்கவே கூடாது. ஆறு மாதத்துக்கும் 8 கிலோவுக்கும் கீழே இதை நாங்கள் வழக்கமாக எழுதுவதில்லை. அந்த வயதில் திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே ஒரு குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.