ரத்தம் தேறியது, கால் ஏன் மரத்தது?

அன்புள்ள டாக்டர்,

அப்பாவுக்கு 64 வயது. ஆறு மாதம் முன்பு ரத்தசோகை என்றார்கள். ஹீமோகுளோபின் 7.8, எம்.சி.வி. 118. தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டிவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது. ஆனால் இரண்டு பாதமும் மரத்துப்போகிறது என்கிறார். இருட்டில் நடந்தால் தடுமாறுகிறார். இப்போது வேறொரு மருத்துவர், பி12 குறைவால் நரம்பு பாதித்திருக்கிறது என்கிறார். ரத்தம் சரியான பிறகு நரம்பு எப்படிக் கெடும்? இரண்டு வைட்டமின் குறைவும் ஒரே ரத்தசோகையைத் தரும் என்றால், நரம்பை மட்டும் ஏன் பி12 குறைவு தாக்குகிறது?

சு.

அன்புள்ள சு.,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு பி12 ஊசி இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றே அந்த மருத்துவரிடம் பேசுங்கள். நரம்பு விஷயத்தில் சில வாரத் தாமதம்கூடப் பெரிது. மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதற்கான நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைச் செய்ய ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. ரத்தத்தில் ஓடும் ஃபோலேட்டோ முதுகில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சுமந்தபடி வருகிறது. அதை இறக்கிவைத்தால்தான் தைமின் வேலைக்கு உதவும். இறக்கிவைக்கிற நொதி ஒன்றே ஒன்றுதான், மெத்தியோனின் சிந்தேஸ். அது பி12 இல்லாமல் வேலை செய்யாது. பெரிய நோட்டு பை நிறைய இருந்தும் சில்லறை மாற்றித் தர ஆளில்லாத நிலைமைதான் அப்பாவின் மஜ்ஜையில் இருந்தது.

தைமின் போதாதபோது அணுவின் உட்கரு முதிராமல் நிற்கிறது, உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும், அது 118 ஆனது இப்படித்தான். இந்தப் பெரிய அணுக்களில் நிறைய, மஜ்ஜையை விட்டு வெளியே வரும் முன்பே செத்துவிடுகின்றன. அதனால் இந்த ரத்தசோகையில் சிலருக்குக் கண் லேசாக மஞ்சளிப்பதும் உண்டு, அணுக்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் எல்.டி.எச். என்ற நொதி மிகவும் ஏறுவதும் உண்டு. குறைவது ஃபோலேட்டா, பி12-ஆ என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பிரிக்க முடியாது. உட்கரு ஆறு மடலாகப் பிரிந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இரண்டிலும் தெரியும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் ஃபோலேட்டின் செயற்கை வடிவம், அதில் மீத்தைல் தொகுதியே கிடையாது. வேறொரு நொதி அதை மாற்றி நேராக டி.என்.ஏ. வேலைக்கு அனுப்பிவிடுகிறது. பி12-இன் தயவு தேவையில்லை. மஜ்ஜை விழித்துக்கொள்ளும், ஒரு வாரத்துக்குள் இளம் சிவப்பணுக்கள் ஏறும், ஹீமோகுளோபின் பின்னாலேயே வரும். முகத்தில் நீங்கள் பார்த்த களை உண்மையானதுதான். ஆனால் உடம்பில் பி12 ஒரு துளிகூடக் கூடவில்லை. எச்சரிக்கை மணியான ரத்தசோகை மட்டும் அடங்கிவிட்டது. இது 1940-களிலேயே தெரிந்துபோன ஆபத்து. பி12-ஐப் பிரித்தெடுத்த 1948-க்கு முன்பு, பி12-ஐ உறிஞ்ச முடியாததால் வரும் பெர்னீஷியஸ் ரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறிய அதே நோயாளிகளில் பலருக்கு நரம்பு கெட்டுக்கொண்டே போனது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும், பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எழுதிக்கொடுப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சரி, நரம்பு. நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை, அதனால் டி.என்.ஏ. தட்டுப்பாடு அவற்றை வாட்டுவதில்லை. அவற்றுக்கு முக்கியம் மையலின் என்ற உறை. பி12-க்கு உடம்பில் இரண்டே வேலைதான், இரண்டும் இந்த உறையைத் தொடுகின்றன. மேலே சொன்ன நொதி ஃபோலேட்டின் மீத்தைலை இறக்கி, அதை ஹோமோசிஸ்டைன்மேல் ஏற்றி மெத்தியோனின் ஆக்குகிறது. மையலினைக் கட்டவும் பராமரிக்கவும் வேண்டிய மீத்தைல் இந்த மெத்தியோனினிலிருந்துதான் கிடைக்கிறது. கல்லீரலுக்கு பி12 இல்லாமலே மெத்தியோனின் செய்ய மாற்று வழி உண்டு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு வேலை, மீத்தைல்மலோனிக் அமிலம் தேங்காமல் அதன் வழியைத் திறந்து வைப்பது. இதில் ஃபோலேட்டுக்குப் பங்கே கிடையாது. இது நின்றால் பொருந்தாத கொழுப்பமிலங்கள் மையலினில் சேர்கின்றன என்பார்கள்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதையே காரணமாகச் சொல்லும். எனக்கு முதலாவதுதான் கனமானதாகப் படுகிறது. நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு மெத்தியோனின் சிந்தேஸை நேரடியாக முடக்குவது. அதைப் போதைக்காகத் திரும்பத் திரும்ப முகர்பவர்களுக்கு இதே தண்டுவடப் பாதிப்பு வருகிறது. இரண்டாவது வேலையைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு வேறு கடுமையான தொல்லைகள் வந்தாலும், தண்டுவடத்தில் இந்தச் சித்திரம் வழக்கமாக வருவதில்லை.

அப்படியானால், அதே முதல் வேலைக்கு ஃபோலேட்டும் வேண்டுமே, அது குறைந்தால் நரம்பு ஏன் தப்புகிறது என்று கேட்கலாம். மூளைக்கு ஃபோலேட்டைப் பிடித்து உள்ளே ஏற்றும் தனி ஏற்பாடு இருக்கிறது. மூளைத் தண்டுவட நீரில் அதன் செறிவு ரத்தத்தில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ரத்தத்தில் குறைந்தாலும் உள்ளே பட்டினி வருவது கடைசியில்தான். இந்த ஏற்பாடே பிறவியில் பழுதான குழந்தைகளுக்கு மையலின் கெடத்தான் செய்கிறது. ஆக நரம்புக்கு ஃபோலேட் வேண்டாம் என்பதல்ல, அதற்குப் போகும் பங்கு பத்திரமாக இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அப்பா இருட்டில் தடுமாறுவதற்கு வருகிறேன். பாதம் எங்கே இருக்கிறது, தரை அதிர்கிறதா என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது தண்டுவடத்தின் பின்புறத் தூண்கள். பி12 குறைவு முதலில் அங்கேதான் அடிக்கும். கண் திறந்திருந்தால் பார்வை அதைச் சமாளிக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினாலே ஆள் சாய்வார். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்தால், அதிர்வு நின்றுவிட்டது என்று அப்பா சொல்லும்போது அது மருத்துவரின் விரலில் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்.

இனி ஹீமோகுளோபினையும் எம்.சி.வி.யையும் நம்ப வேண்டாம், மாத்திரை அவற்றைத் திருத்திவிட்டது. பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகமில்லை. 200-க்கும் 300-க்கும் நடுவே என்றால் மீத்தைல்மலோனிக் அமிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோமோசிஸ்டைன் இரண்டு குறைவிலும் ஏறும். மீத்தைல்மலோனிக் அமிலம் ஃபோலேட் குறைவில் ஏறாது, ஃபோலிக் அமில மாத்திரையால் இறங்கவும் இறங்காது. சிறுநீரகம் பழுதானாலும் அது ஏறும் என்பதால் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு ஊசி போடலாம்.

நரம்பு பாதித்தவர்களுக்கு ஹைட்ராக்ஸோகோபாலமின் 1000 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், முன்னேற்றம் நிற்கும் வரை போடுவது ஒரு வழக்கமான முறை. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பி12 ஏன் குறைந்தது என்பதையும் தேட வேண்டும். கல்லீரல் இருப்பு வருடக்கணக்கில் தாங்கும் என்பதால் காரணம் பழையதாக இருக்கும். வயிற்று அறுவை சிகிச்சை நடந்ததா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, பி12-ஐ உறிஞ்ச உதவும் வயிற்றுப் புரதமான இன்ட்ரின்சிக் ஃபாக்டருக்கு எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உறிஞ்சும் வழியே அடைபட்டிருந்தால் ஊசி ஆயுளுக்கும் தொடரும்.

ஊசி போட்ட முதல் வாரங்களில் சிலருக்கு மதமதப்பு கொஞ்சம் கூடுவதுண்டு. அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். முன்னேற்றம் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகலாம். ஒரு வருடத்துக்குப் பிறகும் மிஞ்சுகிற மரப்பு பெரும்பாலும் தங்கிவிடும். எவ்வளவு மீளும் என்பது, ஊசிக்கு முன் எத்தனை மாதம் போயிற்று என்பதைப் பொறுத்தது.