‘10வது’ என்று மட்டும் வரும் மெசேஜுக்கு என்ன பதில் போடுவது?

கேள்வி: வீட்டில் சின்ன அளவில் ட்யூஷன் எடுக்கிறேன். போன் நம்பரைக் கொடுத்ததிலிருந்து ‘10வது’, ‘+1’, ‘செகண்ட் இயர்’ என்று வெறும் வகுப்பை மட்டும் அனுப்புகிறார்கள். வணக்கம்கூட இல்லை. என்ன உதவி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

எனக்கும் ஆரம்பத்தில் இப்படி வந்தால் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒன்று புரிந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் எல்லாருமே முதலில் கேட்பது ‘எத்தனாவது படிக்கிற?’ என்றுதான். அந்தப் பிள்ளை அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. அடுத்த கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்கிறது. தவிர, தனக்கு என்ன தெரியவில்லை என்பதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் தெரிந்திருக்கும். உங்களுக்கு மெசேஜ் போடுவது பெரும்பாலும் மற்றப் பாதி.

பள்ளி வகுப்பும் கல்லூரி ஆண்டும் ஒரே மாதிரித் தகவல் இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் ‘10வது’ என்றால் பாடங்கள் ஐந்துதான், புத்தகமும் கையில் இருக்கும். தமிழ்வழியா ஆங்கிலவழியா, எந்தப் பாடம் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பக்க எண்வரை போய்விடலாம். ‘செகண்ட் இயர்’ என்பதில் இப்படி எதுவுமே தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதியிருக்கும் விதத்திலேயே ஒரு துப்பு கிடைக்கும். ‘ஸ்டாண்டர்டு’, ‘பிளஸ் டூ’ என்று வந்தால் பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டம். ‘கிளாஸ் 10’, ‘கிரேடு 10’ என்று வந்தால் சிபிஎஸ்இயாக இருக்கலாம். இது தவறுவதும் உண்டு, அதனால் துப்பு என்ற அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நம்பகமானது காலண்டர். ஒரே ‘10வது’ ஜூலையில் வந்தால் ட்யூஷனில் சேர விசாரிக்கிறார்கள். அனுப்பியது அநேகமாக அம்மாவோ அப்பாவோதான், அவர்களுக்கு நேரமும் கட்டணமும் தெரிய வேண்டும். அக்டோபரில் வந்தால் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் திருப்புதல் தேர்வில் அடி வாங்கிய பிள்ளை தானே அனுப்பியிருக்கும். அந்த நேரத்தில் முழுப் பாடம் நடத்தச் சொல்லிக் கேட்பதில்லை, எதைப் படித்தால் தேறலாம் என்பதே கேள்வி. மார்ச் கடைசியில் வந்தால் நாளைய தேர்வுக்கு.

மே மாதம்தான் குழப்பமானது. அப்போது ‘10வது’ என்று மூன்று வகை ஆட்கள் அனுப்புவார்கள். பத்தாவது எழுதி முடித்து, பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது என்று தெரியாதவர் ஒருவர். ஒரு பாடம் போய், துணைத்தேர்வு எழுத வேண்டியவர் இன்னொருவர். ஒன்பது முடித்து, பள்ளி திறக்கும் முன்பே தொடங்க நினைப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு வேறு. இந்த மாதத்தில் வந்தால் நான் ஊகிப்பதே இல்லை. ‘பரீட்சை எழுதியாச்சா, இனிமேதானா?’ என்று கேட்டுவிடுவேன். துணைத்தேர்வுக்காரர் இதற்கு உடனே பதில் போட மாட்டார். அந்தத் தயக்கத்திலேயே பாதி தெரிந்துவிடும். அவரிடம் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள், எந்தப் பாடம் என்று மட்டும் கேளுங்கள்.

‘+1’ என்று வந்தால் இன்னொரு விஷயம். 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025-26 முதல் அது கிடையாது. அதனால் பிப்ரவரியில் ‘+1’ என்று வந்தால் பழைய பழக்கத்தில் பொதுத்தேர்வு வினாத்தாளைத் தேடி அனுப்பிவிடாதீர்கள். ஜூலையில் வரும் ‘+1’ பெரும்பாலும் வேறு கதை: பத்தாவதுவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழியில் சேர்ந்த பிள்ளை. அதற்குத் தெரியாதது இயற்பியல் இல்லை, இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் சொற்கள்.

இனி கல்லூரி. ‘செகண்ட் இயர்’ என்றால் கலைக் கல்லூரியா, பாலிடெக்னிக்கா, பொறியியலா, எந்தத் துறை, தன்னாட்சிக் கல்லூரியா என்று எதுவுமே தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டால் மூன்றாவது கேள்வியில் ஆள் காணாமல் போய்விடுவார். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: ‘ஹால் டிக்கெட்லயோ சிலபஸ்லயோ இருக்கிற சப்ஜெக்ட் கோட் அனுப்புங்க.’ அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் அந்த ஒரு கோடு போதும். உதாரணத்துக்கு `MA3354` என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். `MA` கணிதம். அடுத்த `3` என்பது 2021 விதிமுறையைக் காட்டுகிறது, அதற்கு முந்தைய 2017 விதிமுறையில் அந்த இடத்தில் `8` இருக்கும். அதற்கடுத்த `3` மூன்றாம் செமஸ்டர். ஆக 2021 விதிமுறையில் இருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இது அந்த ஆண்டுக்கே உரிய தாள்.

அதே ‘செகண்ட் இயர்’ ஆள் `MA3151` என்று அனுப்பினால்? அது முதல் செமஸ்டர் கணிதம். அதாவது அரியர். அவர் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார், நீங்களும் சொல்ல வேண்டாம். வகுப்பில் இப்போது நடக்கும் தாள்களோடு சேர்த்து இதையும் படிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டால் போதும். ஐந்து யூனிட்டையும் முதலிலிருந்து எடுத்தால் ஓடிவிடுவார், இரண்டு யூனிட்டில் பலமாக்கிவிட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளின் கோடுகள் வேறு, அவற்றில் இந்தக் கணக்குச் செல்லாது. அப்போது சிலபஸ் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்வதுதான் வழி.

பள்ளிப் பிள்ளைகளிடமும் எனக்குப் பயன்பட்டது போட்டோதான். ஒருமுறை ஜனவரி கடைசியில் இரவு ஒன்பதரைக்கு ‘10வது’ என்று ஒரு மெசேஜ். முகப்புப் படத்தில் முருகன். அப்பாவின் போன், அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு பையன் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் யாரென்று தெரியாததால் மரியாதையாகவே எழுதினேன்: ‘உங்களுக்கா, பிள்ளைக்கா? எந்தப் பாடம்னாலும் சரி, கடைசியா எழுதின டெஸ்ட் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.’ பதில் வர இருபது நிமிடம் ஆனது. ‘எனக்குதான் சார். மேக்ஸ்.’ கூடவே கசங்கிய தாளின் ஆறு படங்கள். மார்க் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்திருந்தான்.

பத்தாவது கணிதத்தில் மறைத்துப் பயனில்லை, கூட்டினால் வந்துவிடும். ஒரு மார்க் 14 கேள்வியில் 9 சரி. இரண்டு மார்க் பகுதியில் 20க்கு 8. ஐந்து மார்க் பகுதியில் 50க்கு 14. கடைசியில் இருக்கும் எட்டு மார்க் கேள்விகள் இரண்டையும், அதாவது வடிவியல் ஒன்று வரைபடம் ஒன்று, தொடவே இல்லை. மொத்தம் 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

மெசேஜைப் பார்த்து ஊகித்திருந்தால் இயற்கணிதத்தில் தொடங்கியிருப்பேன். தாளைப் பார்த்த பிறகு அந்த 16 மார்க்தான் கண்ணில் பட்டது. அதைத் தெரியாமல் விட்டானா, நேரமில்லாமல் விட்டானா? கேட்டேன். ‘காம்பஸ் எடுத்தா தப்பாயிடும் சார்’ என்றான். ஆக அவனுக்கு வேண்டியிருந்த உதவி இதுதான். ‘10வது’ என்ற சொல்லுக்குள் இது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

என்ன தப்பாகிறது என்று பார்க்க ஒன்றை வரையச் சொன்னேன்: முக்கோணம் PQR-க்கு 7/3 அளவு காரணியில் வடிவொத்த முக்கோணம், QR 6 செ.மீ. குறுங்கோணத்தில் QX கதிரை வரைந்து, சம தூரத்தில் ஏழு புள்ளிகள் குறித்தான். அதுவரை சரி. பிறகு ஏழாவது புள்ளியை R-உடன் இணைத்து, மூன்றாவதிலிருந்து இணைகோடு போட்டான். முக்கோணம் சின்னதாக வந்து நின்றது. அவன் வரைந்தது 3/7. காம்பஸில் ஒரு குறையும் இல்லை, எந்தப் புள்ளியை R-உடன் இணைப்பது என்பதில்தான் கோளாறு.

பின்னத்தில் கீழே இருக்கும் எண்தான் R-உடன் இணையும், மேலே இருக்கும் எண்ணிலிருந்து இணைகோடு கிளம்பும் என்று சொன்னேன். ஏனென்றால் கீழே இருக்கும் 3 என்பது பழைய QR-ஐ மூன்று பங்காகப் பார்ப்பது, அதே பங்கில் ஏழு எடுத்தால் புதிய பக்கம். 7/3 ஒன்றைவிடப் பெரியதால் மூன்றாவது புள்ளியை R-உடன் இணைத்து, QR-ஐ நீட்டி, ஏழாவதிலிருந்து போடும் இணைகோடு அதைச் சந்திக்கும் இடத்தில் R′. அங்கிருந்து RP-க்கு இணையாகப் போட்டால், நீட்டிய QP-யில் P′. சரிபார்க்க என்னைக் கேட்கவே வேண்டாம், ஸ்கேலை வைத்தால் QR′ 14 செ.மீ. இருக்க வேண்டும். அன்று இரவே 3/5-க்கு ஒன்று வரைந்து அனுப்பினான். ஐந்தாவது புள்ளியைச் சரியாக R-உடன் இணைத்திருந்தான்.

அடுத்த வாரம் வரைபடத்துக்குப் போனோம். அது இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அளவுத்திட்டம் எழுத மறக்கிறான் என்பது முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் திருப்புதலில் வடிவியலில் 7, வரைபடத்தில் 5, மற்றவை கிட்டத்தட்ட முன்பு போலவே. 43.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு வரி, அதில் ஒரு போட்டோவுக்கான வேண்டுகோள். பத்து பிடிஎஃப் அனுப்பாதீர்கள், அனுப்பினால் ‘நன்றி சார்’ என்று வரும், அதோடு சரி. போட்டோவில் பாடம், பாடத்திட்டம், வழி, கையெழுத்து, நின்றுபோன இடம் எல்லாமே இருக்கும். டெஸ்ட் பேப்பர் இல்லையென்றால் புத்தகத்தில் புரியாமல் நிற்கும் பக்கம் போதும். படம் அனுப்பாமல் ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்று வந்தால் அது பெற்றோர், அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பையன் தேறிவிட்டான். மே மாதம் அதே முருகன் படத்திலிருந்து மறுபடி ஒரு மெசேஜ் வந்தது. ‘+1’ என்று மட்டும் இருந்தது. எந்த குரூப் எடுப்பது என்று கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டு, கணக்கு மார்க்கை மறைக்காமல் எல்லா மார்க்கையும் அனுப்பு என்று பதில் போட்டேன்.