ட்ரான்ஸ்பார்மர்: ஓம் எவ்வளவு, புள்ளி எங்கே?

கோயில் விழாவுக்கு 100 வாட் ஆம்ப்ளிபயரும், 100 வோல்ட் லைனுக்குப் பத்து ஸ்பீக்கரும் வாங்கினோம். லைன் ட்ரான்ஸ்பார்மர்கள் 8 ஓமுக்கானவை, 10 வாட் டேப். 8 ஓம் ஸ்பீக்கர் இல்லை, 4 ஓமும் ஒன்றுதான் என்று கடைக்காரர் கொடுத்தார். முதல் நாளே ஆம்ப்ளிபயர் புகைந்தது. சத்தம் கூட்டியதுதான் காரணம் என்கிறார்.

உங்கள் மேல் தப்பில்லை. 100 வோல்ட்டில் 10 வாட் மட்டும் இழுக்க, ஒவ்வொரு ஸ்பீக்கரும் லைனுக்கு 1000 ஓமாகத் தெரிய வேண்டும். 8 ஓமை 1000 ஓமாகக் காட்டுவதுதான் ட்ரான்ஸ்பார்மரின் வேலை. அதற்காக லைன் பக்கச் சுருளான பிரைமரியில், ஸ்பீக்கர் பக்கச் சுருளான செகண்டரியைப் போல 11.2 மடங்கு சுற்று இருக்கும். லைன் பக்கம் வோல்டேஜ் 11.2 மடங்கு, கரண்ட் 11.2-இல் ஒரு பங்கு. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால்தானே ஓம்? ஆகவே ஓம் 11.2-இன் வர்க்கமாக, அதாவது 125 மடங்காகத் தெரியும்.

4 ஓமை மாட்டினாலும் அதே 125 மடங்குதான். லைனுக்குத் தெரிவது 500 ஓம், இழுப்பது 20 வாட். பத்து ஸ்பீக்கருக்கு 200 வாட். 100 வாட் ஆம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் எப்படித் தாங்கும்? பில்லையும் ஸ்பீக்கரின் பின்பக்க லேபிளையும் போட்டோ எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

லைன் ட்ரான்ஸ்பார்மர் பிரைமரியை மீட்டரில் அளந்தேன். 1000 ஓம் வரவில்லை, மிகவும் குறைவு. டூப்ளிகேட்டா?

இல்லை. மீட்டர் காட்டுவது கம்பியின் டிசி எதிர்ப்பை மட்டும். 1000 ஓம் என்பது ஸ்பீக்கரை மாட்டி ஏசி ஓடும்போது லைனுக்குத் தெரிவது. நல்ல பொருளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இரண்டு 12 வோல்ட் செகண்டரி உள்ள ட்ரான்ஸ்பார்மர். கரண்ட் கூடுதலாகக் கிடைக்க இரண்டையும் பேரலலாக இணைத்தேன், கருகிவிட்டது. அதில் புள்ளி எதுவும் போடவில்லை.

எனக்கும் இதே கதி நேர்ந்தது, இன்றும் ஆறவில்லை. புள்ளி இட்ட முனைகள் ஒரே நேரத்தில் பிளஸ் ஆகும், ஒரே நேரத்தில் மைனஸ் ஆகும். இரண்டு சுருளும் ஒரே கோரில் இருந்தாலும், எது எந்தப் பக்கமாகச் சுற்றப்பட்டது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சுற்றியவருக்குத் தெரியும். ஒரு சொட்டு பெயின்ட் வைக்க அவருக்கு என்ன செலவு? புள்ளியோ, ஒயர் நிற விவரமோ இல்லாமல் இரட்டைச் சுருள் ட்ரான்ஸ்பார்மர் விற்பது அநியாயம். மாற்றி இணைத்தால் 24 வோல்ட் தள்ளும் கரண்ட் அந்த மெல்லிய கம்பிக்குள்ளேயே சுற்றி ஓடும், கருகாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை ஒரு சுருளின் ஒரு முனையை மற்றதன் ஒரு முனையோடு மட்டும் இணைத்து, பிரைமரிக்கு மின்சாரம் கொடுத்து, மீதி இரண்டு முனைகளுக்கு இடையே ஏசி வோல்ட் பாருங்கள். 24 வந்தால் எதிரெதிர் முனைகளைச் சேர்த்திருக்கிறீர்கள். ஏறக்குறைய 0 வந்தால் ஒத்த முனைகள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீதி இரண்டையும் சேர்க்கலாம்.

எனக்குத் தந்த தாளில் புள்ளி இருந்தது, நான் பார்க்காமல் இணைத்துவிட்டேன். மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம்.