செவ்வாய், வியாழன், சனி மதியம் 2 மணி வரை போன் எடுக்க முடியாது

கேள்வி: “எப்போ ஃப்ரீ?” என்று கேட்பவர்களிடம் வீட்டு விஷயம் எதையும் சொல்லாமல், நமக்கு முடிகிற நேரத்தை மட்டும் எப்படிச் சொல்வது? காரணம் சொல்லாவிட்டால் திமிர் என்று நினைக்க மாட்டார்களா?

நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். ஆபீஸ் போகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு உரிமையாகக் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவள் என்றால் எந்நேரமும் சும்மா இருப்பவள் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது.

நான் நங்கநல்லூரில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். பெரும்பாலான கடைகள் பாரிமுனை, மண்ணடி பக்கம். மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். இதை இங்கே பெயர் இல்லாமல் எழுதுவதால்தான் சொல்கிறேன். கடைக்காரர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆனால் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. என்னை அவரிடம் அறிமுகப்படுத்திய சித்தப்பா நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டார், “அவ பாவம், வாரத்துல மூணு நாள் மாமியாரோட ஆஸ்பத்திரியிலதான் இருக்கா” என்று. அன்றிலிருந்து நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு போனும் உடல்நல விசாரிப்பில்தான் தொடங்கும். அண்ணாச்சி நெருஞ்சில் முள் கஷாயம் வைத்துக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்வார். டயாலிசிஸ் செய்கிறவருக்குச் சாதாரணத் தண்ணீரையே அளந்துதான் கொடுக்கிறோம். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற வழியில்லை என்பதுதானே பிரச்சினையே! இதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விடும், பில் பேச்சு தொடங்கியே இருக்காது.

அடுத்தது இன்னும் மோசம். “ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் சும்மாத்தானேம்மா உக்காந்திருப்பீங்க, லேப்டாப் எடுத்துட்டுப் போயி நம்ம கணக்கைப் போட்டுடுங்களேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. காரணம் தெரிந்ததும் அதற்குள் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடுகிறார், அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கடைசியில் ஆண்டுக் கணக்கு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “உங்களுக்கே சிரமம், அதான் உங்ககிட்ட சொல்லல.” இரக்கப்பட்டே வருமானத்தைப் பிடுங்கிவிட்டார்.

அதனால் மற்றவர்களுக்கு நான் அனுப்புவது ஒரே மாதிரியான ஒரு செய்திதான். அது கீழே. போன மாதம் ஒரு காகிதக் கடைக்காரர் புதன்கிழமை காலை “எப்போ ஃப்ரீ மேடம்? புது பிராஞ்ச் ஒண்ணு பதிவு பண்ணணும்” என்று கேட்டபோது அனுப்பியது:

“வணக்கம் சார். 17 வெள்ளி மதியம் 12.15 முதல் 1.30 வரை கடைக்கு நேரில் வர முடியும். இல்லையென்றால் 18 சனி மாலை 3.30 முதல் 5 வரை போனில் பேசலாம். செவ்வாய், வியாழன், சனி மதியம் 2 மணி வரை எனக்கு வேறு வேலை, போன் எடுக்க முடியாது. 20-ம் தேதி முடியும் வரை இந்த இரண்டு நேரம்தான் இருக்கிறது. எது வசதி என்று இன்று இரவு 8 மணிக்குள் சொன்னால் அதை உங்களுக்கு வைத்துவிடுகிறேன்.”

இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் உண்டு, ஆனால் அந்தக் காரணம் செய்தியில் இல்லை. 2 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் இருப்பது நாலு மணி நேரம்தான். காலை 7 மணிக்குப் போட்டால் 11 மணிக்கு முடியும். ஆனால் அதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். திரும்ப எடை, திரும்ப பிரஷர். அது இறங்கியிருந்தால் எழுந்திருக்கவே விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து அத்தையைச் சாப்பிடவைத்துப் படுக்கவைக்க ஒரு மணியாகிவிடும். பிறகு நான் சாப்பிட வேண்டாமா? “11 மணி வரை வேலை” என்று சொன்னால் 11.01-க்குப் போன் வரும், நான் அப்போது பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஆகவே மாற்ற முடியாத வேலையைச் சொல்லும்போது அதன் நடுப்பகுதியைச் சொல்லாதீர்கள். கிளம்புவதிலிருந்து மூச்சு விடுவது வரைக்கும் சேர்த்து ஒரே கட்டாகச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கு நேரில், சனிக்குப் போன் என்று பிரித்ததும் அப்படித்தான். சனிக்கிழமை காலை அலைச்சலுக்குப் பிறகு பழவந்தாங்கலில் ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன் வரை போக எனக்குத் தெம்பு இருக்காது. ஆனால் உட்கார்ந்து பேசலாம். எந்த நேரத்தில் எந்த மாதிரி வேலை முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அவர் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துவிட்டு “அப்படியே கடைப் பக்கம் வந்துடுங்களேன்” என்று இழுக்க இடமில்லை.

முடியும் நேரம் கட்டாயம் வேண்டும். “12.15-க்கு மேல வரேன்” என்றால் அவர் மனதில் அது சாயங்காலம் வரை நீளும். அதோடு “நாளை மறுநாள்”, “அடுத்த வாரம் வியாழன்” எல்லாம் வேண்டாம். வியாழக்கிழமை படிக்கிறவருக்கு அது வேறு நாளாகிவிடும். தேதி, கிழமை இரண்டையும் எழுதுங்கள்.

20-ம் தேதியை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் வீட்டு விஷயம் இல்லை. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி 20-ம் தேதிக்குள் போக வேண்டும். தவறினால் வரி கட்ட வேண்டிய கடைக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. இது அவர்களுக்கும் தெரிந்த கெடு, அதனால் யாரும் பேரம் பேசுவதில்லை. தொழில் சம்பந்தப்பட்ட காரணத்தைத் தாராளமாகச் சொல்லலாம். வீட்டைச் சம்பந்தப்பட்டதற்குக் கிழமையும் மணியும் போதும்.

சரி, வெள்ளிக்கிழமை ஏன் 12.15 என்று கேட்கிறீர்களா? 10.30 முதல் 12 வரை ராகு காலம். புதுப் பதிவு வேலையை அந்த நேரத்தில் தொடங்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, நம்புகிறவர்களோடு சண்டையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். “அது ராகு காலம்மா” என்று அவர் சொன்னால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. அவரும் விளக்குவதில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே சுவர் மாதிரி நிற்கிறது, நாங்கள் அதைச் சுற்றிப் போகிறோம். என்னுடைய செவ்வாய், வியாழன், சனியும் அப்படி நின்றால் போதும் என்றுதான் இந்த வாக்கியத்தைப் பிடித்தேன்.

“வேறு வேலைன்னா என்ன வேலை?” என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு, “வாராவாரம் இருக்கிறதுதான் சார், மாத்த முடியாது. வெள்ளி 12.15 உங்களுக்கு வசதிப்படுமா?” என்று உடனே நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். இரண்டாவது தடவை கேட்டால் அதே பதில், அதே குரலில். “வீட்டு வேலை” என்று மட்டும் சொல்லாதீர்கள், அது தள்ளிவைக்கக்கூடியது என்று எல்லோரும் முடிவுகட்டியிருக்கிறார்கள். பொய்யும் வேண்டாம். வெளியூரில் இருப்பதாகச் சொல்லிவிட்டு மருந்துக்கடை வாசலில் அவரையே பார்க்க நேரும், சென்னை அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

இன்னொன்று, குழுவில் எழுதும்போது “வீட்டில் இருக்க மாட்டேன்” என்று எழுதாமல் “போன் எடுக்க முடியாது” என்று எழுதுங்கள். வாரத்தில் எந்த மூன்று காலை வீடு பூட்டியிருக்கும் என்பது அறிமுகமில்லாத எண்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு “மாமியாரைக் கவனிப்பதைச் சொல்ல வெட்கமா” என்று யாராவது வருவீர்கள். வெட்கம் இல்லை. அது அவருடைய உடம்பு, அவருடைய நோய், அவரைக் கேட்காமல் பாத்திரக்கடையில் பேசுவதற்கு நான் யார்? ஐடிக்காரர்கள் “காலண்டர் லிங்க் அனுப்பலாமே” என்பீர்கள். அனுப்பிப் பாருங்கள். “லிங்க் வந்துச்சும்மா, அது இருக்கட்டும், எப்போ வரீங்க?” என்று கேட்பார்.

எல்லோரிடமும் மறைக்க முடியாது என்பதும் உண்மை. வேறொரு கணக்காளர் தோழிக்கு எல்லாம் தெரியும், நான் எந்த ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்பது உட்பட. கெடு நாளில் ஏதாவது ஆகிவிட்டால் அவள்தான் என் வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இருந்தால் லீவு முடிவு செய்கிற ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் டாக்சி போட்டால் டிரைவர் கூப்பிட்டு “எங்க டிராப்? கேஷா, ஆன்லைனா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் கேன்சல் செய்கிறார்கள். சக்கர நாற்காலி இருக்கிறது என்று சொன்னால் இன்னும் வேகமாகக் கேன்சல். நடக்க முடியாத ஒருவரைத் தெருமுனையில் நிறுத்திவைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எங்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கடைசியாக, கொடுத்த நேரம் மாறினால் என்ன செய்வது என்பது. டயாலிசிஸ் பிரிவில் சில சமயம் முந்தின இரவு கூப்பிட்டு ஷிப்டை மாற்றிவிடுவார்கள். அப்போது உணர்ச்சிவசப்பட்டுக் கதையை எல்லாம் கொட்டத் தோன்றும், நேரம் தவறுகிறோமே என்ற குற்ற உணர்வில். அதற்கும் இதே அளவுதான்: “சார், 18 சனி 3.30 முடியாமல் போய்விட்டது. அதே நாள் மாலை 6 முதல் 7 வரை பேசலாம், இல்லையென்றால் 21 செவ்வாய் மாலை 5 முதல் 6.30 வரை. சிரமத்துக்கு மன்னிக்கவும்.” செய்தி தெரிந்த அன்று இரவே அனுப்பிவிடுங்கள், மறுநாள் 3.25-க்கு அனுப்பினால் எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் அவருக்குக் கோபம் வரும்.