கல்வி அதிகாரிக்குப் போகும் கடிதத்தில் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்

"வகுப்புப் பையன்கள் என் மகனைத் தொடர்ந்து சீண்டுகிறார்கள். பள்ளியில் பலமுறை சொல்லியும் பலனில்லை. கல்வி அதிகாரிக்குக் கடிதம் எழுதலாமா? எப்படி எழுதுவது?"

தாராளமாக எழுதுங்கள். நீங்கள் பள்ளியில் சொன்னதெல்லாம் வாய்வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்றே தலைமை ஆசிரியருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: "இன்ன தேதியில் உங்களை நேரில் சந்தித்து இன்னதைச் சொன்னேன், கவனிக்கிறேன் என்றீர்கள், இதுவரை மாற்றமில்லை." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

ஏன் என்றால், கல்வி அலுவலகத்தில் உங்கள் கடிதத்தைப் பதிவு செய்து எண் போட்டதும் அவர்கள் செய்யும் முதல் வேலை, அதன் நகலைப் பள்ளிக்கே அனுப்பி விளக்கம் கேட்பதுதான். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. ஏழாம் வகுப்பில் என் மகளை ஒரு கூட்டம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது, பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. அறிவியல் நோட்டில் அவள் படம் வரைந்திருந்த பக்கங்களை மட்டும் ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்திருந்தார்கள். விளையாட்டுக்குச் செய்தது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை அது. விளக்கம் கேட்டதும் பள்ளி எழுதிய பதில்: "பெற்றோரிடமிருந்து எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் வரவில்லை."

ஆனால் மகளின் டைரியில் நான் எழுதிய குறிப்புக்குக் கீழேயே வகுப்பாசிரியை "பார்த்தேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருந்தேன். அதைக் காட்டி அதிகாரி மறுபடி கேட்ட பிறகுதான் பள்ளியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

அதனால் கடிதத்தில் கனமாக நிற்க வேண்டியது, பள்ளிக்கு எப்போது தெரியும், தெரிந்து என்ன செய்தார்கள் என்பதுதான். அந்தப் பையன்களை அதிகாரி நேரடியாகத் தண்டிக்கப் போவதில்லை, அவர் கேள்வி கேட்கக்கூடியது பள்ளியை. மகனின் பெயர், வகுப்பு, பிரிவு, நீங்கள் கேட்பது என்ன, இவை முதல் பத்தியிலேயே வந்துவிடட்டும். அப்புறம் தேதி வாரியாக எழுதுங்கள்: எங்கே, என்ன நடந்தது, அன்றே யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். "மனிதாபிமானமே இல்லாத நிர்வாகம்" மாதிரி வரிகளை அடித்துவிடுங்கள். "இடைவேளையில் மாடிப்படியில் தள்ளினார்கள், மறுநாள் காலை வகுப்பாசிரியரிடம் சொன்னேன், பையன்கள் என்றால் அப்படித்தான் என்றார்" என்ற ஒரு வரி போதும். தேதி நினைவில்லை என்றால் "அந்த மாத இரண்டாம் வாரம்" என்று எழுதுங்கள், ஊகமாகத் தேதி போடாதீர்கள். ஒன்று தப்பென்று பள்ளி காட்டிவிட்டால் மற்றதும் சந்தேகமாகிவிடும்.

கடிதம் பள்ளியின் கைக்கு அப்படியே போகும் என்பதால், சாட்சி சொன்ன பிள்ளைகளின் பெயரை எழுதவே கூடாது. சீண்டிய பையன்களின் பெயரைக்கூட "இன்ன தேதியில் வகுப்பாசிரியரிடம் தெரிவித்துள்ளேன், கேட்டால் தருகிறேன்" என்று விட்டுவிடலாம்.

கேட்பதையும் நடக்கக்கூடியதாகக் கேளுங்கள். அந்தப் பையனுக்கு டிசி கொடு என்றால் பழிவாங்கும் பெற்றோர் என்று உங்களை ஓரங்கட்டிவிடுவார்கள். நான் கேட்டது, பள்ளியின் எழுத்துப்பூர்வமான விளக்கம், மகளுக்கு இடமாற்றி உட்காரவைப்பது, இடைவேளையில் அந்த வராந்தாவில் ஓர் ஆசிரியர், இனி ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயர். எல்லாம் கிடைத்தது. மன்னிப்பு மட்டும் கிடைக்கவில்லை, கிழித்தவர்கள் இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் போலீஸுக்குப் போயிருக்க வேண்டியதுதானே என்பார்கள். காயம், பாலியல் தொல்லை, கொலை மிரட்டல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன், அன்றே மருத்துவரிடமும் காவல் நிலையத்துக்கும் போங்கள். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினாலும் எந்தப் பதிலுக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நான் சொல்வது தினம் தினம் நடக்கும் சீண்டலுக்கு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டணம் ஒரு நாள் தள்ளிப்போனால் மெசேஜ், போன், பிள்ளை கையில் சீட்டு என்று துரத்தும் அதே அலுவலகம், பெற்றோரின் புகார் என்றால் மட்டும் "மெயில் ஸ்பாமில் போயிருக்கும்" என்கிறது!

சரி. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள், தபாலில் என்றால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். தலைமை ஆசிரியருக்கும் ஒரு நகல் அனுப்பி, அதைக் கடிதத்தின் அடியில் குறிப்பிடுங்கள். பதிலுக்கு ஒரு தேதியையும் நீங்களே போடுங்கள். அது தாண்டினால் மறுபடி முழுக் கதையும் வேண்டாம், பதிவு எண்ணைப் போட்டு அரைப் பக்க நினைவூட்டல், அதன் நகல் கல்வி அதிகாரியின் மேலதிகாரிக்கு.