999 ரூபாய் கண்ணாடி ஆஃபர்: கவுன்ட்டரில் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: கோத்தகிரியில் சின்னதாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனை இலவசம், ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து 999 ரூபாய் என்று ஆஃபர் போடப்போகிறேன். கடையில் இருக்கிற பசங்க ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், பில் போடும்போது சண்டை வருகிறது. எல்லாரும் ஒரே மாதிரி பேச ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர முடியுமா?

பில்லில் வருகிற சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 999 என்பது ஒற்றைப் பவர் லென்ஸுக்கான விலை, ஆனால் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்பது தாண்டியவர்கள், அவர்களுக்குத் தூரத்துக்கு ஒரு பவர், கிட்டத்துக்கு ஒரு பவர் தேவைப்படும். டெஸ்ட் எல்லாம் முடித்து ஃபிரேமும் பிடித்துப்போன பிறகு "உங்களுக்கு அது வராதுங்க" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்:

"வாங்கக்கா, உட்காருங்க. 999-க்கு ஒரு பவர் லென்ஸ் வரும், தூரத்துக்கு மட்டும் இல்லன்னா படிக்க மட்டும். ரெண்டும் ஒரே கண்ணாடியில வேணும்னா தனி விலை, அதை டெஸ்ட் பண்ணதும் சொல்றேன். டெஸ்ட்டுக்குக் காசு இல்ல, பார்த்துட்டு வாங்காமப் போனாலும் பரவாயில்ல."

இரண்டாவது வரி கேள்வியாக இருக்க வேண்டும்: "பகல்ல என்ன வேலை பார்க்கறீங்க, எதை உத்துப் பார்க்கும்போது கஷ்டமா இருக்கு?" இதற்கு வரும் பதில்தான் லென்ஸை முடிவு செய்யும். கூடவே சுகர் இருக்கிறதா, அண்மையில் ஏறி இறங்கியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சுகர் கட்டுக்குள் இல்லாதபோது பவரும் மாறிக்கொண்டே இருக்கும், இன்று எடுத்த பவரில் போடும் கண்ணாடி சுகர் இறங்கியதும் ஒத்துவராது. அப்படிப்பட்டவரிடம் சில வாரம் கழித்து வரச் சொல்வதுதான் நியாயம்.

பரிசோதனையை எப்படி விளக்குவது? மெஷினில் முகத்தை வைத்துப் பார்ப்பதுதான் 'கம்ப்யூட்டர் டெஸ்ட்', அதோடு வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மெஷின் தருவது தோராயக் கணக்குதான். அதுவும் சின்ன வயதுக்காரர்கள் உள்ளே தெரியும் படத்தை உற்றுப் பார்த்தால் மைனஸ் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். ஆகவே: "மெஷின்ல வந்தது ஆரம்பம்தான். இனி இந்த ட்ரையல் ஃபிரேமைப் போட்டு ஒவ்வொரு கண்ணா எழுத்தைப் படிக்கச் சொல்வேன், எது தெளிவுன்னு நீங்கதான் சொல்லணும், அப்புறம் அதைப் போட்டுக்கிட்டு வெளிய கொஞ்சம் நடந்து பாருங்க."

எந்த லென்ஸ் மாற்றியும் கீழ் வரிகள் தெரியவில்லை என்றால் ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டை அந்தக் கண் முன்னால் வையுங்கள். துளை வழியாகத் தெளிவு கூடினால் பவரில் இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். கூடவில்லை என்றால் புரையோ விழித்திரையோ வேறு ஏதோ, கண்ணாடி விற்காமல் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். போர்டிலும் 'முழுக் கண் பரிசோதனை' என்று எழுதாதீர்கள், நீங்கள் பார்ப்பது பவர் மட்டும்தான், கண் அழுத்தமும் நரம்பும் உங்கள் கடையில் தெரியாது.

இப்போது ஒரு ஆளை வைத்தே பார்ப்போம். 52 வயது அக்கா, வீட்டில் தையல் வேலை, ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் வீடு. தூரத்துக்கு பிளஸ் 0.75, கிட்டத்துக்குக் கூடுதலாக 2.00 வருகிறது, ஆக படிக்கிற பவர் பிளஸ் 2.75. பைஃபோக்கல் தள்ளிவிட்டால் உங்களுக்கு லாபம் கூடுதல். ஆனால் அந்தக் கீழ்ப்பாகம் ஏறக்குறைய அரை மீட்டருக்குள் இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். படி இறங்கும்போது அதே பாகத்தின் வழியாகத்தான் காலடியைப் பார்ப்பார், அதுவோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. படியின் விளிம்பு கலங்கித் தெரியும், மேடு பள்ளமான நம் ஊரில், அதுவும் மழையில் பாசி பிடித்த படியில், அது விழுவதற்கான வழி. புரோகிரசிவ் போட்டாலும் கீழ்ப்பாகத்துக்கு இதே கதைதான்.

இந்த அக்காவுக்கு 999 ஆஃபரே போதும். "அக்கா, தையலுக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கோங்க, எழுந்து நடக்கும்போது கழட்டிடுங்க. தூரம் உங்களுக்குக் கொஞ்சம்தான் குறை, வெறும் கண்ணுலயே சமாளிச்சுடலாம்." மெஷின் ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கையால் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் துணியைப் பிடித்துப் பார்க்க வையுங்கள். தலையை முன்னால் கொண்டுபோனால்தான் தெரிகிறது என்றால் கூடுதல் பவரை ஒரு கால் குறைத்துப் பார்க்கலாம். புத்தக அட்டை மட்டும் காட்டிப் பவர் எடுத்த கண்ணாடிகள்தான் பிறகு பீரோவுக்குள் தூங்குகின்றன.

ஸ்கூல் டீச்சர், பேங்க் ஊழியர் மாதிரி போர்டும் நோட்டும் மாறி மாறிப் பார்ப்பவர் வந்தால் புரோகிரசிவ் சொல்லுங்கள், ஆனால் படியில் தாடையைத் தாழ்த்தி மேல் பாகம் வழியாகப் பார்க்க வேண்டும், ஓரங்கள் கொஞ்சம் நெளிந்து தெரியும் என்று ஆர்டர் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு உயரம் குறைந்த, நீளவாக்கு ஃபிரேம் ஆகாது, கீழே படிக்கிற பாகத்தை வெட்டிவிடும்.

ஃபிரேமில் நான் பார்ப்பது அது முகத்தில் எப்படி உட்காருகிறது என்பதைத்தான். நம் பக்கம் வருஷத்தில் பாதி நாள் கம்பளிக் குல்லா தலையில் இருக்கும். குல்லாவுக்கு மேலே காது கம்பி ஏறினால் கண்ணாடி முன்னால் சரிந்து, ஊசி போட்டதுபோல் கச்சிதமாக எடுத்த அளவு எல்லாம் இறங்கிவிடும். அதனால் "குல்லா போட்டுத்தான் வெளிய போவீங்களா? அதோடயே போட்டுப் பாருங்க" என்று ஸ்கிரிப்டில் எழுதிவையுங்கள். ஃபிரேமை முதலில் வளைத்துச் சரிசெய்து, மூக்கில் நிற்க வைத்து, அப்புறம்தான் கருவிழி நடுவைப் பேனாவால் டெமோ லென்ஸில் குறிக்க வேண்டும். புரோகிரசிவுக்கு இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக.

கோட்டிங்கில்தான் பசங்க அதிகம் அளப்பார்கள். கூச்சம் குறைக்கும் கோட்டிங் ராத்திரி வண்டி ஓட்டுபவருக்கு உதவும், ஆனால் பனி படிவதை அது தடுக்காது. குளிரிலிருந்து சமையல்கட்டுக்குள் நுழைந்தால் எந்தக் கண்ணாடியும் வெளுக்கும். அதற்கான பூச்சு வேறு, அதுவும் நாளடைவில் தேய்ந்துவிடும். 'ப்ளூ கட் போட்டால் கண் சோர்வு போகும்' என்பதை ஸ்கிரிப்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் குறுகிய காலத்துக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வெயிலில் கறுக்கும் லென்ஸுக்கும் ஒரு வரி சேருங்கள்: குளிரில் அது அதிகமாகக் கறுக்கும், உள்ளே வந்தால் தெளிய நேரமும் எடுக்கும், காருக்குள் சரியாகக் கறுக்காது.

கடைசி வரி டெலிவரி அன்றைக்கு: "ஒரு வாரம் போட்டுப் பாருங்க. தலைவலியோ தடுமாற்றமோ இருந்தா கண்ணாடியோட வாங்க, பேசிக்கலாம்." அப்படி யாராவது திரும்பி வந்தால் உடனே பவரை மாற்றாமல், முதலில் ஃபிரேம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து லென்ஸ் மீட்டரில் வைத்து ஆர்டர் கொடுத்த பவர்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள், மறு டெஸ்ட் அதற்கப்புறம்தான்.